நோன்பில் பிற்பகல் தலைவலி: சர்க்கரையா, தண்ணீரா, காப்பியா?

ரமலான் தொடங்கிய முதல் சில நாட்களில், மதியம் தாண்டியதும் பலருக்குத் தலை கனக்கத் தொடங்கும். நெற்றியிலும் இரண்டு பக்கப் பொட்டிலும் அழுத்துவது போன்ற வலி வரும். கூடவே கொட்டாவி, எரிச்சல், எதிலும் மனம் நிற்காத சோர்வு. வீட்டில் உடனே சொல்லப்படும் காரணம், "சாப்பிடல இல்ல, சுகர் இறங்கியிருக்கும்" என்பதுதான். ஏகாதசி, சஷ்டி விரதம் இருப்பவர்களும், உடல் எடைக்காக 16 மணி நேரம் சாப்பிடாமல் இருப்பவர்களும் இதையே சொல்கிறார்கள்.

ஆரோக்கியமான ஒருவருக்கு இந்தக் காரணம் பெரும்பாலும் பொருந்தாது. ஆனால் அதை நம்புவதால் ஒரு விளைவு உண்டு: நோன்பு தொடங்கும் முன் அதிகாலையில் சாப்பிடும் சஹரில் இனிப்பை அதிகமாகச் சாப்பிட்டுவிட்டு, உண்மையான காரணங்களைக் கவனிக்காமல் விட்டுவிடுகிறோம். மறுநாளும் அதே நேரத்துக்கு அதே வலி வருகிறது. வலி எந்த நேரத்தில் வருகிறது, எதைக் கொடுத்தால் எவ்வளவு நேரத்தில் போகிறது என்ற இரண்டையும் கவனித்தால் காரணத்தைப் பெரும்பாலும் பிரித்துவிடலாம்.

## எத்தனை பேருக்கு வருகிறது?

நோன்புத் தலைவலியை மருத்துவ உலகம் தனியாகவே ஆராய்ந்திருக்கிறது. யூதர்களின் யோம் கிப்பூர் நோன்பு ஏறக்குறைய 25 மணி நேரம்; அதில் தண்ணீரும் கிடையாது. இஸ்ரேலில் மருத்துவமனை ஊழியர்களிடம் நடத்தி 1995-இல் வெளியிட்ட ஆய்வில், நோன்பிருந்தவர்களில் 39 சதவீதம் பேருக்குத் தலைவலி வந்தது. நோன்பில்லாதவர்களில் அது 7 சதவீதம்தான். சவூதி அரேபியாவில் ரமலானின் முதல் நாளை மட்டும் எடுத்துப் பார்த்து 1999-இல் வெளியான ஆய்விலும் கிட்டத்தட்ட இதே கணக்குதான்: நோன்பாளிகளில் 41 சதவீதம், மற்றவர்களில் 8 சதவீதம்.

இரண்டு ஆய்வுகளும் ஒத்துப்போகும் விஷயங்கள் உண்டு. வலி பெரும்பாலும் துடிக்காது, அழுத்தும். நோன்பு நேரம் ஏற ஏற வலி வரும் வாய்ப்பும் ஏறுகிறது. ஏற்கெனவே அடிக்கடி தலைவலி வருபவர்களுக்கே அதிகம் வருகிறது. ஒரு விஷயத்தில் மட்டும் இரண்டும் வேறுபடுகின்றன. சவூதி ஆய்வில் காப்பி, டீ நின்றுபோனதே முக்கியமான புறக் காரணமாகத் தெரிந்தது. இஸ்ரேல் ஆய்வில் அந்தத் தொடர்பு தெரியவில்லை. ஆகவே காப்பி ஒன்றை மட்டும் வைத்து எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது. நீண்ட நேரம் சாப்பிடாமல் இருப்பதே சிலருக்குத் தலைவலியைக் கொடுக்கிறது. தலைவலிகளுக்கான சர்வதேச வகைப்பாட்டிலும் இதற்குத் தனி இடம் இருக்கிறது: குறைந்தது 8 மணி நேரம் சாப்பிடாமல் இருக்கும்போது வந்து, சாப்பிட்ட பிறகு 72 மணி நேரத்துக்குள் போய்விடும் வலி என்று அது வரையறுக்கிறது.

## முதலில் சர்க்கரை: ஏன் எளிதில் இறங்காது?

மூளை ஒரு மணி நேரத்துக்கு ஏறக்குறைய 5 கிராம் குளுக்கோஸ் செலவழிக்கிறது. நாம் சாப்பிடாத நேரத்தில் அதைக் கொடுப்பது கல்லீரல். சாப்பிட்டதில் ஒரு பகுதியைக் கல்லீரல் கிளைகோஜன் என்ற வடிவத்தில் சேமித்து வைத்திருக்கும். நன்றாகச் சாப்பிட்டவரின் கல்லீரலில் அது 100 கிராம் அளவுக்கு இருக்கலாம். தேவைக்கேற்ப அதை உடைத்து இரத்தத்தில் விட்டுக்கொண்டே இருக்கும். அது குறையத் தொடங்கும்போது புரதத்தின் கூறுகளிலிருந்தும் கொழுப்பின் ஒரு பகுதியிலிருந்தும் புதிதாகவே குளுக்கோஸ் தயாரிக்கும். உடலின் மற்ற பகுதிகள் கொழுப்பை எரித்துக்கொண்டு, குளுக்கோஸை மூளைக்கு விட்டுக்கொடுக்கும்.

தமிழ்நாட்டில் பிப்ரவரி, மார்ச் மாதங்களில் வரும் ரமலானில் நோன்பு ஏறக்குறைய 13 மணி நேரம். இதில் முதல் நான்கைந்து மணி நேரம் சஹர் சாப்பாடே செரித்துக்கொண்டிருக்கும். மீதி 8 மணி நேரம் கல்லீரலுக்குப் பெரிய சுமையே இல்லை. சர்க்கரை நோயோ அதற்கான மருந்தோ இல்லாத ஒருவருக்கு மாலை நான்கு மணிக்கு விரலில் குத்திப் பார்த்தால், தலை வலித்துக்கொண்டிருந்தாலும் அளவு பெரும்பாலும் 70-க்கு மேல்தான் இருக்கும்.

சர்க்கரை உண்மையிலேயே இறங்கினால் அதன் முகம் வேறு. கை நடுங்கும், குளிர்ந்து வியர்க்கும், நெஞ்சு படபடக்கும், பசி கிள்ளும். இன்னும் இறங்கினால் பேச்சு குழறும், சிந்தனை குழம்பும். இவை எதுவும் இல்லாமல் தலைவலியும் சோர்வும் மட்டும் இருந்தால் சர்க்கரையைக் கடைசியாகச் சந்தேகிக்கலாம். சர்வதேச வகைப்பாடும், சர்க்கரை இறங்காமலேயே நோன்புத் தலைவலி வரும் என்றும், சர்க்கரை இறங்கி அவசர சிகிச்சைக்கு வருபவர்கள் தலைவலியை முறையிடுவதில்லை என்றும் குறிப்பிடுகிறது.

அப்படியென்றால் சர்க்கரைக்குப் பங்கே இல்லையா? ஓரளவு உண்டு. அளவு கீழே விழாமல் தாங்கிப் பிடிப்பதற்காக உடல் அட்ரினலின், கார்டிசால் போன்ற ஹார்மோன்களைக் கூட்டுகிறது. மைக்ரேன் எனும் ஒற்றைத் தலைவலி உள்ளவர்களுக்கு இந்த மாற்றங்களும், ஒரு வேளை சாப்பாட்டைத் தவறவிடுவதும் தூண்டுதலாக அமையலாம். சஹரே எழாமல், முந்தைய இரவு ஒன்பது மணிச் சாப்பாட்டோடு நோன்பைத் தொடர்பவர்களுக்கு மாலைக்குள் 21 மணி நேரம் ஆகிவிடும். அவர்களின் களைப்புக்குச் சாப்பாடு இல்லாததும் ஒரு நேரடிக் காரணம்.

## தண்ணீர்: வியர்க்காவிட்டாலும் குறைந்துகொண்டே இருக்கும்

நோன்பு நேரத்தில் உடலுக்குள் தண்ணீர் போகாது. ஆனால் வெளியேறுவது நிற்பதில்லை. மூச்சிலும் தோலிலும் கண்ணுக்குத் தெரியாமல் போவது, வீட்டுக்குள் சும்மா உட்கார்ந்திருந்தால்கூட 13 மணி நேரத்தில் அரை லிட்டருக்கு அருகில் வரும். சிறுநீர் இன்னொரு அரை லிட்டர். வெயிலில் நின்று வேலை செய்பவருக்கு வியர்வை மட்டுமே மணிக்கு அரை லிட்டரைத் தாண்டலாம்.

65 கிலோ எடையுள்ளவருக்கு ஒரு சதவீதம் என்றால் 650 மில்லி. இந்த அளவுக்குக் குறையும்போது தாகம் நன்றாகத் தெரியும். ஒன்றரை, இரண்டு சதவீதத்தை நெருங்கும்போது தலைவலி, சோர்வு, கவனக் குறைவு ஆகியவை வருவதை ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. இரத்தத்தின் நீர்ப்பகுதி குறைவதால் எழுந்து நிற்கும்போது கண் இருட்டும். இதயம் சற்று வேகமாக அடித்து ஈடுகட்டும். தலைவலி ஏன் வருகிறது என்பதற்குப் பரவலாகச் சொல்லப்படும் விளக்கம், நீர் குறையும்போது மூளையின் கன அளவு மிகச் சிறிதளவு சுருங்கி, அதைச் சுற்றியுள்ள வலி உணரும் உறைகள் இழுபடுகின்றன என்பது. மூளைத் திசுவுக்கு வலி தெரியாது, உறைகளுக்குத் தெரியும்.

தண்ணீர்க் குறைவால் வரும் வலிக்கு ஓர் அடையாளம் இருக்கிறது. குனிந்தாலோ, தலையை அசைத்தாலோ, படி ஏறினாலோ அது கூடும். சிறுநீர் அடர் மஞ்சளாக, கொஞ்சமாகப் போகும். தண்ணீர் குடித்தால் பலருக்கு அரை மணி நேரத்திலும், சிலருக்கு இரண்டு மூன்று மணி நேரத்திலும் அடங்கும்.

இங்கே ஒரு பழக்கத்தைச் சொல்லியாக வேண்டும். சஹர் முடிய ஐந்து நிமிடம் இருக்கும்போது நான்கைந்து டம்ளர் தண்ணீரை ஒரே மூச்சில் குடிப்பார்கள். தாகத்துக்கு முன்னேற்பாடு என்ற நினைப்பு. திடீரென வந்த அவ்வளவு தண்ணீரால் இரத்தம் சற்று நீர்த்துப்போகும். உடனே சிறுநீரகங்கள் உபரியை வெளியேற்றத் தொடங்கி, இரண்டு மூன்று மணி நேரத்தில் பெரும்பகுதியை அனுப்பிவிடும். காலை ஏழு மணிக்கு வெள்ளை நிறத்தில் நிறைய சிறுநீர் போனால், சஹரில் குடித்த தண்ணீரைத்தான் இழக்கிறீர்கள். உணவோடும் கொஞ்சம் உப்போடும் சேர்ந்து போகும் தண்ணீர் அவ்வளவு வேகமாக வெளியேறாது. அந்தக் கணக்கில் பள்ளிவாசல்களில் காய்ச்சும் நோன்புக் கஞ்சி மிகச் சரியான உணவு. பச்சரிசி, பாசிப்பருப்பு, வெந்தயம், இஞ்சி, பூண்டு, உப்பு எல்லாம் நிறையத் தண்ணீரோடு ஒரே கிண்ணத்தில் வந்துவிடுகிறது. அதே நேரம் ஊறுகாய், அப்பளம், கருவாடு என்று சஹரில் உப்பை அள்ளிப்போட்டால் பகலில் தாகம்தான் கூடும்.

## காப்பி, டீ: கடைசி டம்ளரிலிருந்து ஓடும் கடிகாரம்

காப்பியிலும் டீயிலும் இருக்கும் காஃபீன் நமக்குச் சக்தி எதுவும் தருவதில்லை. களைப்புச் செய்தியை மறைக்கிறது, அவ்வளவுதான். நாம் விழித்திருக்க விழித்திருக்க மூளையில் அடினோசின் என்ற பொருள் சேர்ந்துகொண்டே வரும். நரம்புச் செல்களில் அதற்கென்று உள்ள ஏற்பிகளில் அது போய்ப் பொருந்தும்போது நமக்கு அசதி தெரிகிறது. மூளையின் இரத்த நாளங்களும் விரிகின்றன. வேறொரு வண்டி வந்து நின்று, உரியவரின் வண்டிக்கு இடமில்லாமல் செய்வதுபோல, காஃபீன் அந்த ஏற்பிகளில் உட்கார்ந்துகொள்கிறது. அசதி தெரியாமல் போகிறது. நாளங்கள் சற்று சுருங்கியே இருக்கின்றன.

தினமும் இப்படி நடந்தால் மூளை சும்மா இருக்காது. அடினோசினுக்கான ஏற்பிகளைக் கூட்டி ஈடுகட்டிக்கொள்ளும். அப்புறம் ஒருநாள் காஃபீன் வராவிட்டால், கூடுதலான ஏற்பிகளில் அடினோசின் தடையின்றிப் பொருந்துகிறது. நாளங்கள் வழக்கத்தைவிட அதிகம் விரிகின்றன, தலை வலிக்கிறது. அசதி, தூக்கக் கலக்கம், எரிச்சல் எல்லாம் சேர்ந்து வருகின்றன. இதைத்தான் காஃபீன் விலகல் என்கிறார்கள்.

இதன் கால அட்டவணை ஓரளவு நன்றாகத் தெரிந்த ஒன்று.

1. கடைசியாகக் குடித்ததிலிருந்து 12 முதல் 24 மணி நேரத்தில் அறிகுறிகள் தொடங்கும்.
2. ஏறக்குறைய 20 மணி நேரத்திலிருந்து இரண்டு நாட்கள் வரையிலான இடைவெளியில் உச்சத்தைத் தொடும்.
3. முற்றிலும் நிறுத்திவிட்டால் இரண்டு நாட்களிலிருந்து ஒன்பது நாட்களுக்குள் தானாகவே மறையும்.
4. நடுவில் 100 மில்லிகிராம் அளவு காஃபீன் உள்ளே போனால் ஒரு மணி நேரத்துக்குள் வலி விலகும்.

சர்வதேச வகைப்பாடு, தினமும் 200 மில்லிகிராமுக்கு மேல் இரண்டு வாரம் எடுத்தவரையே இந்தத் தலைவலிக்கு உரியவராகக் கணக்கிடுகிறது. ஆனால் தினமும் 100 மில்லிகிராம் எடுப்பவர்களுக்கும் விலகல் அறிகுறிகள் வருவதாகச் சோதனைகள் காட்டியிருக்கின்றன. ஒரு கப் டீயில் ஏறக்குறைய 30 முதல் 50 மில்லிகிராம் இருக்கும். ஃபில்டர் காப்பியில் டிகாஷனின் கெட்டியைப் பொறுத்தும், தூளில் எவ்வளவு சிக்கரி கலந்திருக்கிறது என்பதைப் பொறுத்தும் நிறையவே மாறும். சிக்கரியில் காஃபீன் கிடையாது. கெட்டியான ஒரு டம்ளருக்கு 80 என்று வைத்துக்கொள்ளலாம். காலையில் ஒரு காப்பி, பகலில் மூன்று டீ என்பது நம் ஊரில் யாரும் அதிகம் என்று நினைக்காத அளவு. அதுவே 200-ஐத் தொட்டுவிடுகிறது.

## ஒரு நாளைப் பிரித்துப் பார்ப்போம்

சென்னையில் ஜவுளிக் கடை ஒன்றில் நின்றுகொண்டே வேலை பார்க்கும் 38 வயதுக்காரர் ஒருவரை எடுத்துக்கொள்வோம். எடை 68 கிலோ, நோய் எதுவும் இல்லை. வழக்கமாகக் காலை 6:30-க்கு ஒரு காப்பி, 11 மணிக்கும் 4 மணிக்கும் இரவு 7:30-க்கும் டீ.

நோன்புக்கு முந்தைய இரவு 7:30-க்கு வழக்கமான டீயைக் குடிக்கிறார். அதிகாலை 4:30-க்கு எழுந்து சோறும் குழம்பும் சாப்பிடுகிறார். மறுபடி தூங்க வேண்டும் என்பதால் காப்பி வேண்டாம் என்கிறார். கடைசி நிமிடத்தில் மூன்று டம்ளர் தண்ணீர். ஏழு மணிக்குள் இரண்டு முறை சிறுநீர் போகிறது, நிறமே இல்லாமல்.

நண்பகல் வரை பெரிதாக ஒன்றும் இல்லை. 12 மணிக்கு நெற்றியில் லேசான கனம். கடைசி டீயிலிருந்து அப்போது பதினாறரை மணி நேரம் ஆகியிருக்கிறது. காஃபீனின் அளவு உடலில் சுமார் ஐந்து மணி நேரத்துக்கு ஒருமுறை பாதியாகும். ஆகவே இந்த நேரத்தில் பத்தில் ஒரு பங்குதான் மிச்சம். 2:30-க்கு வலி முழுதாக வந்துவிடுகிறது. கொட்டாவி அடங்கவில்லை. 4 மணிக்கு மாடிக் கிடங்குக்குப் படி ஏறும்போது தலை இன்னும் விண்ணென்று தெறிக்கிறது. சிறுநீர் அடர் மஞ்சள். கை நடுக்கமோ வியர்வையோ இல்லை.

மாலை 6:20-க்கு மூன்று பேரீச்சம்பழம், இரண்டு டம்ளர் தண்ணீர், ஒரு கிண்ணம் கஞ்சி. அந்தப் பழங்களிலேயே 15 கிராமுக்கு மேல் சர்க்கரை இருக்கும். சர்க்கரை இறங்கியிருந்தால் கால் மணி நேரத்தில் நிலைமை தெளிவாக மாறியிருக்க வேண்டும். 6:40-க்குப் பசி போய்விட்டது, வலி அப்படியே இருக்கிறது. மஃரிப் தொழுகை முடிந்து 7 மணிக்கு மேல் வலி கொஞ்சம் தணிகிறது. குனிந்து எழுந்தால் தெறிப்பது நின்றுவிட்டது. இது தண்ணீரின் பங்கு. 7:15-க்கு ஒரு டீ. 8 மணிக்கு வலி இருந்த இடமே தெரியவில்லை. மிச்சமிருந்தது காஃபீனின் பங்கு.

வழக்கமாக எல்லாவற்றையும் பத்து நிமிடத்துக்குள் உள்ளே தள்ளிவிடுவதால் எது வலியைப் போக்கியது என்று தெரியாமலே போகிறது. இவரைப்போல் டீயை மட்டும் 55 நிமிடம் தள்ளிவைத்தால் ஒரே மாலையில் பதில் கிடைத்துவிடும். தண்ணீரின் விளைவு சிலருக்குத் தாமதமாக வரும் என்பதால், இரண்டு மூன்று நாள் இப்படிக் கவனித்தால் இன்னும் உறுதி.

இதிலேயே இன்னொரு புதிருக்கும் விடை இருக்கிறது. சிலருக்கு நான்கைந்து நாளில் வலி நின்றுவிடுகிறது. சிலருக்கு மாதம் முழுக்க வருகிறது. ஏன்? நோன்பு திறந்த பிறகு ஒரே ஒரு டீயோடு நிறுத்துபவரின் மொத்தக் காஃபீன் 200-லிருந்து 40, 50-க்கு இறங்குகிறது. ஏற்பிகளின் எண்ணிக்கையும் சில நாட்களில் பழைய நிலைக்குத் திரும்பும், வலி ஓயும். பகலில் விட்டதையெல்லாம் இரவுக்குள் ஈடுகட்டி, தராவீஹ் எனும் இரவுத் தொழுகை முடிந்து ஒன்று, படுக்கப் போகுமுன் ஒன்று என்று நான்கு டீ குடிப்பவருக்கு மூளை பழக்கத்திலேயே இருக்கும். ஒவ்வொரு நாளும் பிற்பகலில் புதிதாக ஒரு விலகல் நடக்கும். இரவில் தூக்கமும் கெடும். தூக்கக் குறைவு தனியாகவே ஒரு தலைவலிக் காரணம்.

## என்ன மாற்றலாம்?

1. பத்து நாள் முன்பே குறைக்கத் தொடங்குவது. மேலே சொன்னவரையே எடுத்துக்கொண்டால், முதலில் மாலை 4 மணி டீயை நிறுத்தலாம். மூன்று நாள் கழித்து 11 மணி டீயைப் பாதியாக்கி, அடுத்த மூன்று நாளில் அதையும் விடலாம். கடைசி நாட்களில் காலைக் காப்பியை அரை டம்ளராக்கி, நேரத்தையும் முன்னுக்கு நகர்த்தலாம். நோன்பு தொடங்கும்போது சஹரில் அரை, நோன்பு திறந்து ஒன்று என்று நின்றால் போதும். ரமலான் ஒவ்வோர் ஆண்டும் பத்து, பதினொரு நாள் முன்னதாக வரும் என்பது தெரிந்ததே. அதனால் நாளைக் கணக்கிட்டுத் தொடங்குவது கடினமில்லை.

2. சஹரில் கொஞ்சம் காப்பியோ டீயோ. முன்கூட்டிக் குறைக்க முடியாதவருக்கு இது உதவும். கடிகாரம் முந்தைய இரவிலிருந்து ஓடாமல், அதிகாலை 4:45-லிருந்து ஓடத் தொடங்கும். 12 மணி நேரம் ஆவதற்குள் நோன்பு திறக்கும் நேரம் நெருங்கிவிடும். நிறைய வேண்டியதில்லை, 25 மில்லிகிராம் போன்ற சிறு அளவே விலகல் தலைவலியைப் பெரிதும் அடக்கியதைச் சோதனைகளில் பார்த்திருக்கிறார்கள். அரை டம்ளர் டீயில் அது வந்துவிடும். காப்பி உடம்பிலுள்ள தண்ணீரை உறிஞ்சிவிடும் என்ற பயம் மிகைப்படுத்தப்பட்டது. பழக்கமாகக் குடிப்பவர் மிதமாகக் குடித்தால், அந்தக் காப்பியில் உள்ள தண்ணீர் பெரும்பாலும் உடலுக்கே சேர்கிறது. சஹருக்குப் பிறகு தூங்கியே ஆகவேண்டியவர்களுக்கு மட்டும் இது சரிப்படாது. அவர்களுக்கு முதல் வழிதான்.

3. தண்ணீரை இரவு முழுக்கப் பிரித்துக் குடிப்பது. நோன்பு திறந்ததிலிருந்து சஹர் முடியும்வரை இரண்டு முதல் இரண்டரை லிட்டர் என்பது வீட்டுக்குள் இருப்பவருக்குப் பொதுவாகப் போதும். திறக்கும்போது இரண்டு டம்ளர், பிறகு படுக்கும்வரை மணிக்கு ஒன்று, சஹர் சாப்பாட்டோடு இரண்டு. கஞ்சி, மோர், தர்பூசணி எல்லாம் இந்தக் கணக்கில் சேரும். வெயிலில் வேலை செய்பவருக்கு இந்த அளவு போதாது. இதய, சிறுநீரக நோய்க்காகத் தண்ணீர் அளவு குறித்துக் கொடுக்கப்பட்டவர்கள் அதைத்தான் பின்பற்ற வேண்டும்.

4. மாத்திரை. சஹரில் சாப்பாட்டோடு ஒரு பாராசிட்டமால் எடுப்பது பெரும்பாலோருக்குப் பிரச்சினை தராது. ஆனால் அதன் வேலை சில மணி நேரத்தில் முடிந்துவிடுவதால் பிற்பகல் வலியை எட்டாது. ஐபுப்ரோஃபென், டைக்ளோஃபெனாக் போன்ற வலி மாத்திரைகளை நீர் வற்றிய உடலில், வெறும் வயிற்றில் எடுத்தால் சிறுநீரகத்துக்கும் இரைப்பைக்கும் கெடுதல். கடையில் வாங்கும் சில தலைவலி மாத்திரைகளில் காஃபீனும் கலந்திருக்கும். அந்த மாத்திரை போட்டதும் வலி போனது என்றால், மருந்தோடு காஃபீனும் சேர்ந்தே வேலை செய்திருக்கலாம்.

## ஏகாதசிக்கும் 16 மணி நேர விரதத்துக்கும்

ஏகாதசி, சஷ்டி விரதங்களில் பல வீடுகளில் பாலும் பழமும் உண்டு, காப்பியும் விலக்கில்லை. அப்படி இருப்பவர்களுக்குத் தண்ணீரும் காஃபீனும் தடைபடுவதில்லை. தலைவலியும் குறைவாகவே இருக்கும். தண்ணீர்கூடத் தொடாத முழு உபவாசத்திலும், வைகுண்ட ஏகாதசிபோல் இரவு கண்விழிக்கும் நாளிலும் கதை மாறிவிடும்.

16 மணி நேர முறையில் தண்ணீருக்கு எப்போதும் தடையில்லை. இருந்தும் முதல் வாரத்தில் தலை வலிக்கிறது என்கிறார்கள். இதற்குப் பால்தான் காரணமாகிறது. பாலும் சர்க்கரையும் சேர்த்தால் விரதம் முறிந்துவிடும், கடுங்காப்பி பிடிக்காது, ஆகவே காலைக் காப்பியையே விட்டுவிடுகிறார்கள். இன்னொன்று, நம் வழக்கத்தில் தண்ணீரின் ஒரு பெரும் பங்கு இட்லி, சாம்பார், மோர் என்று சாப்பாட்டோடுதான் போகிறது. காலை உணவை நிறுத்தும்போது அந்தத் தண்ணீரும் நின்றுவிடுவது பலருக்கும் தோன்றுவதில்லை.

## சர்க்கரை நோயாளிகளுக்கு இந்தக் கணக்கு தலைகீழ்

இதுவரை சர்க்கரையைச் சந்தேகப் பட்டியலின் கடைசியில் வைத்தோம். இன்சுலின் போடுபவர்களுக்கும் கிளிபென்கிளமைட், கிளிமெபிரைடு வகை மாத்திரை எடுப்பவர்களுக்கும் அதை முதலிடத்தில் வைக்க வேண்டும். இந்த மருந்துகள், சாப்பாடு உள்ளே வருகிறதா என்று பார்க்காமல் சர்க்கரையை இறக்கிக்கொண்டே இருக்கும். கல்லீரல் கொடுப்பதைவிட வேகமாக இறங்கும். சர்க்கரையைச் சிறுநீரில் வெளியேற்றும் டாபாகிளிஃப்ளோசின், எம்பாகிளிஃப்ளோசின் வகை மாத்திரைகள் வேறு விதத்தில் பாதிக்கும்: சர்க்கரையோடு தண்ணீரையும் சேர்த்து வெளியேற்றுவதால் நீர் வற்றல் சீக்கிரம் வரும். எந்த மாத்திரையை எந்த வேளைக்கு மாற்றுவது, எதன் அளவைக் குறைப்பது என்பதை நோன்பு தொடங்க ஒன்றிரண்டு மாதம் முன்பே மருத்துவரிடம் பேசி முடிவு செய்ய வேண்டும். முதல் நாள் மயக்கம் வந்த பிறகு பேசுவது தாமதம்.

இவர்கள் தலைவலியோ சோர்வோ வந்தால், மேலே சொன்ன டீ சோதனைக்காக மாலை வரை காத்திருக்கக் கூடாது. உடனே விரலில் குத்திப் பார்க்க வேண்டும். இரத்தம் எடுத்தால் நோன்பு முறிந்துவிடும் என்று தயங்குபவர்கள் இன்னும் இருக்கிறார்கள். விரலில் குத்திப் பார்ப்பதால் நோன்பு முறியாது என்று சர்க்கரை நோயும் ரமலானும் பற்றிய சர்வதேச வழிகாட்டுதல்கள் தெளிவாகவே சொல்கின்றன. அதே வழிகாட்டுதல்களின்படி, அளவு 70-க்குக் கீழே இருந்தாலும் 300-க்கு மேலே இருந்தாலும் அந்த நேரத்திலேயே நோன்பை முடித்துக்கொள்ள வேண்டும். நோன்பு திறக்க இன்னும் கால் மணி நேரம்தான் என்றாலும் இதே விதிதான். 70-க்குக் கீழே என்றால் 15 கிராம் சர்க்கரை, அதாவது மூன்று டீஸ்பூன், தண்ணீரில் கலந்து குடித்து, 15 நிமிடம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும். நோயாளிக்கு நோன்பை விட்டுவிட்டு வேறு நாட்களில் ஈடுசெய்யும் சலுகையைக் குர்ஆனே இரண்டாம் அத்தியாயத்தில் தருகிறது.

சர்க்கரை நோய் இல்லாதவர்களும் காத்திருக்கக் கூடாத சில நிலைகள் உண்டு. வாழ்க்கையிலேயே இதுவரை வராத கடும் வலி திடீரென்று தாக்குவது, காய்ச்சலோடு கழுத்து விறைப்பது, ஒரு பக்கக் கை கால் தளர்வது, வாய் கோணுவது, நினைவு தடுமாறுவது, எட்டு மணி நேரத்துக்கு மேல் சிறுநீரே வராமல் எழுந்தால் மயக்கம் வருவது. இவற்றில் எது வந்தாலும் நோன்புத் தலைவலி என்று எண்ணி மாலை வரை தள்ளிப்போடாமல் நேராக மருத்துவமனைக்குப் போக வேண்டும்.